தேர்தல் காலத்தில் செய்தி வேடத்தில் வரும் விளம்பரம்: கண்டுபிடிப்பது எப்படி, நிரூபிப்பது எப்படி

2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அப்போதைய முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வந்தது. அதே கட்டுரை, வார்த்தை மாறாமல், ஒன்றுக்கொன்று போட்டியான மூன்று மராத்தி நாளிதழ்களில் வந்திருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தப் பக்கங்களைத் தேடிச் சேர்த்து 'தி இந்து'வில் எழுதினார். அப்புறம் அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. சவான் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அதில் பத்திரிகை விளம்பரத்துக்கு என்று காட்டியிருந்த தொகை 5,379 ரூபாய்.

காசுக்குச் செய்தி வேடத்தில் வரும் விளம்பரத்தைப் பெய்டு நியூஸ் என்கிறார்கள். அது பற்றிய ஆய்வு முழுவதும் இந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. ஒரு பக்கம் அச்சில் வந்தது, மறுபக்கம் கணக்கில் வந்தது. இந்திய அச்சு நாளிதழ்களை வைத்து, அச்சில் வந்ததிலிருந்து கணக்கில் வந்ததற்குப் படிப்படியாக எப்படிப் போவது என்று பார்ப்போம். தொலைக்காட்சியிலும் இதே கதை உண்டு. ஆனால் வேலைமுறை வேறு என்பதால் அதை இங்கே தொடவில்லை.

முதலில், எதைத் தேடுகிறோம்?

பணமாகவோ பொருளாகவோ விலை பெற்றுக்கொண்டு வெளியிடும் செய்தியும் அலசலும்தான் பெய்டு நியூஸ். இது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் வரையறை. தேர்தல் ஆணையமும் இதையே எடுத்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'விலை'. ஒரு பத்திரிகை ஒரு கட்சியை விரும்பி ஆதரிக்கலாம். அது ஒருதலைப்பட்சம், பெய்டு நியூஸ் அல்ல. ஒரு நிருபர் சோம்பலில் வேட்பாளர் தரப்பு அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டிருக்கலாம். அது மோசமான இதழியல், ஆனால் அதுவும் பெய்டு நியூஸ் ஆகிவிடாது. பக்கத்தைப் பார்க்கும்போது இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரிப்பதுதான் கஷ்டமான பகுதி.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பெய்டு நியூஸ் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிக் குற்றமாக இல்லை. அப்படிச் சேர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது, சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போதைக்குச் சட்டத்தில் பிடி கிடைக்கும் இடம் செலவுக் கணக்குதான். 77ஆவது பிரிவின்படி வேட்பாளர் தன் தேர்தல் செலவை முழுதாகவும் சரியாகவும் எழுதிவைக்க வேண்டும். கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்யாதவரை 10ஏ பிரிவின் கீழ் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். அதனால்தான் செய்தியில் தொடங்கும் தேடல் கணக்கில் போய் முடிகிறது.

படி 1: பக்கங்களைச் சேர்ப்பது

ஒரு தொகுதி, அங்கே விற்கும் நாலைந்து நாளிதழ்கள், வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய நாள் முதல் வாக்குப்பதிவு நாள் வரை. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். மாநிலம் முழுவதையும் அள்ளினால் கவனம் சிதறும். முக்கியமாக, மாவட்டப் பதிப்புகளை எடுக்க வேண்டும். காசுக்கு வரும் செய்தி பெரும்பாலும் தலைநகர்ப் பதிப்பில் வராது. அந்தத் தொகுதி வாக்காளர் கையில் போய்ச் சேரும் உள்ளூர்ப் பக்கத்தில்தான் வரும். பத்திரிகையின் இணையதளத்திலும் அது இல்லாமல் போகலாம். ஆகவே இ-பேப்பரின் முழுப் பக்கப் படமோ காகிதப் பிரதியோ கட்டாயம் வேண்டும். பக்க எண், பதிப்பு, தேதி மூன்றையும் அன்றைக்கே குறித்துவைத்துவிட வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி கிடைக்காது.

கூடவே, தேர்தல் இல்லாத ஒரு மாதத்தின் அதே பக்கங்களும் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு பத்திரிகை சாதாரண நாளிலேயே நிருபர் பெயர் போடாமல் செய்தி வெளியிடும் வழக்கம் உள்ளது என்றால், தேர்தல் நேரத்தில் பெயர் இல்லாதது ஒன்றும் விசேஷமில்லை. எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியும்.

படி 2: கண்ணால் வடிகட்டுவது

மாவட்டந்தோறும் தேர்தல் ஆணையம் அமைக்கும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழுக்களுக்கு ஒரு கையேடு உண்டு. பெய்டு நியூஸாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. எனக்கு மிகவும் உதவியாகத் தோன்றும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அளவு. செய்தி என்பது நடந்ததைப் பொறுத்து நீளும், குறுகும். ஆனால் 125 முதல் 150 சொற்கள், இரண்டு பத்தி அகலத்தில் ஒரு படம் என்று அச்சில் வார்த்ததுபோல நாள்தோறும் ஒரே அளவில் வந்தால் அது இடம் விற்பவர்களின் கணக்கு. விளம்பரத்துக்குத்தான் அப்படி நிலையான அளவு இருக்கும்.

இரண்டு, எழுத்துரு. ஒரு பத்திரிகையின் செய்தி உடலுக்கு ஒரு எழுத்துரு, தலைப்புக்கு ஒன்று என்று ஒழுங்கு இருக்கும். ஒரே பக்கத்தில் ஒரு செய்தி மட்டும் வேறு எழுத்துருவில், வேறு வரி இடைவெளியில் இருந்தால், அது பத்திரிகை டெஸ்க்கில் உருவாகாமல் வெளியிலிருந்து லேஅவுட்டோடு தயாராக வந்திருக்கலாம்.

மூன்று, முரண். ஒரே பக்கத்தில் மேலே ஒரு வேட்பாளருக்கு வெற்றி உறுதி, கீழே அவரை எதிர்த்து நிற்பவருக்கும் வெற்றி உறுதி. பத்திரிகைக்குச் சார்பு இருந்தால் ஒருவர் பக்கம் சாயும். இருவரையும் ஒரே நாளில் ஜெயிக்கவைக்கிறது என்றால், இடம் இருவருக்கும் விற்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சார்பையும் வியாபாரத்தையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

படி 3: உரையை ஒப்பிடுவது

கண்ணால் பத்துப் பக்கம் பார்க்கலாம், ஆயிரம் பக்கம் முடியாது. போட்டிப் பத்திரிகைகளில் ஒரே உரை வந்திருக்கிறதா என்று பார்க்கக் கணினியைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதுதான். அடிப்படை எளிது. ஒவ்வொரு செய்தியையும் அடுத்தடுத்த மூன்று சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறோம். இரண்டு செய்திகளுக்கும் பொதுவான துண்டுகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்த்து இருக்கும் மொத்தத் துண்டுகளால் வகுக்கிறோம். வருவது 0 முதல் 1 வரை ஓர் எண்.

உதாரணத்துக்காக நான் எழுதிய மூன்று வரிகள் இவை.

அ: தொகுதி முழுவதும் சென்ற இடமெல்லாம் பெண்கள் ஆரத்தி எடுத்து வேட்பாளரை வரவேற்றனர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அணிவகுத்து வந்தனர்

ஆ: சென்ற இடமெல்லாம் பெண்கள் ஆரத்தி எடுத்து வேட்பாளரை வரவேற்றனர் ஏராளமான இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அணிவகுத்து வந்தனர்

இ: வேட்பாளரை பெண்கள் ஆரத்தி எடுத்து வரவேற்றனர் அவருடன் இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் வந்தனர்

'அ'வில் 14 சொற்கள், ஆகவே 12 துண்டுகள். 'ஆ'வில் 13 சொற்கள், 11 துண்டுகள். இரண்டுக்கும் பொதுவானவை 8. பொதுவானவற்றை இருமுறை எண்ணக் கூடாது, ஆகவே மொத்தம் 12 + 11 − 8 = 15. எட்டைப் பதினைந்தால் வகுத்தால் 0.53. இப்போது 'அ'வையும் 'இ'யையும் பாருங்கள். சொல்லும் விஷயம் அதேதான், சொற்களும் பெரும்பாலும் அதேதான். ஆனால் பொதுவான துண்டு 'பெண்கள் ஆரத்தி எடுத்து' ஒன்று மட்டுமே, மொத்தம் 20 துண்டுகள், விடை 0.05. ஒரே ஊர்வலத்தை இரண்டு நிருபர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதினால் 'இ' போலத்தான் அமையும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் லேசாகத் தட்டிக்கொட்டிப் போட்டால் 'ஆ' போல அமையும். சொற்களை மட்டும் எண்ணாமல் அவற்றின் வரிசையையும் சேர்த்து எண்ணுவதால்தான் இந்த வித்தியாசம் தெரிகிறது.

பைத்தானில் இதற்குச் சில வரிகள் போதும்.

```python
import re, unicodedata

def shingles(text, n=3):
    text = unicodedata.normalize("NFC", text)
    text = text.replace("\u200c", "").replace("\u200d", "")
    words = re.findall(r"[\u0B80-\u0BFF]+", text)
    return {tuple(words[i:i+n]) for i in range(len(words)-n+1)}

def jaccard(a, b):
    a, b = shingles(a), shingles(b)
    return len(a & b) / len(a | b)
```

இதில் தமிழுக்கென்று மூன்று எச்சரிக்கைகள் இருக்கின்றன. பலரும் பழக்கத்தில் எழுதும் `\w+` இங்கே வேலை செய்யாது. பைத்தானின் `re` நூலகம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எண்ணாது, சொல்லை நடுவில் உடைத்துவிடும். அதனால்தான் தமிழ் எழுத்துகளின் எல்லையை நேரடியாகக் கொடுத்திருக்கிறேன். அடுத்து, 'கொ' என்ற எழுத்தை உள்ளே இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. `NFC` என்ற வரி அதைச் சரிசெய்கிறது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் சொல்லின் நடுவே ஒளிந்திருக்கும், அவற்றையும் நீக்க வேண்டும். இந்த மூன்றையும் கவனிக்காவிட்டால், நகல் செய்திகூட நகல் இல்லை என்று காட்டும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் செய்யும் பிழைகளும் எண்ணைக் குறைக்கும். ஆகவே குறைந்த எண் வந்தால் உடனே தள்ளிவிடாமல் மாதிரிக்குச் சிலவற்றைக் கையால் சரிபாருங்கள்.

ஒரு பத்திரிகை முழுக் கட்டுரையையும் இன்னொன்று அதில் பாதியையும் போட்டிருந்தால் மேலே சொன்ன வகுத்தல் ஏமாற்றும். அப்போது பொதுத் துண்டுகளைச் சிறிய செய்தியின் துண்டுகளால் மட்டும் வகுக்க வேண்டும். 'அ', 'ஆ' வரிகளுக்கு அப்படிச் செய்தால் 8/11, அதாவது 0.73. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த எண்ணுக்கு மேல் சந்தேகிப்பது? எல்லாப் பத்திரிகைக்கும் பொருந்தும் எல்லை எதுவும் கிடையாது. தேர்தல் இல்லாத மாதத்தின் பக்கங்களை இதற்காகத்தான் சேர்த்தோம். அதே பத்திரிகைகளின் சாதாரண நாள் செய்திகளை ஒப்பிட்டு, தனித்தனியாக எழுதியவை வழக்கமாக எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். அதற்கு வெகு மேலே நிற்பவற்றை மட்டும் எடுங்கள்.

படி 4: குற்றமற்ற காரணங்களைக் கழிப்பது

ஆரம்பத்தில் நான் தவறியது இந்த இடத்தில்தான். ஒரே உரை மூன்று நாளிதழ்களில் கிடைத்ததும் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பார்த்தால் அது செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தி. பி.டி.ஐ., யு.என்.ஐ. போன்ற நிறுவனங்களின் செய்தியைச் சந்தா கட்டிய எல்லாப் பத்திரிகையும் அப்படியே போடலாம், அது அவற்றின் உரிமை. பல சமயம் நிறுவனத்தின் பெயரைப் போடவும் மாட்டார்கள்.

ஆகவே ஒத்துப்போகும் ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று கேள்விகள். இது செய்தி நிறுவனம் அனுப்பியதா? அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அறிக்கையா? வேட்பாளர் தரப்பு எல்லாருக்கும் அனுப்பிய பத்திரிகைக் குறிப்பா? முதல் இரண்டையும் அவற்றின் இணையத் தொகுப்பில் தேடிக் கழித்துவிடலாம். மூன்றாவதுதான் தொல்லை. பத்திரிகைக் குறிப்பை இலவசமாகவும் போட்டிருக்கலாம், காசு வாங்கிக்கொண்டும் போட்டிருக்கலாம். உரை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

கொஞ்சம் துப்பு கொடுப்பது நிருபர் பெயர். ஒரே உரை மூன்று பத்திரிகையில் மூன்று வெவ்வேறு நிருபர்களின் பெயரில் வந்தால், நிறுவனச் செய்தி என்ற விளக்கம் நிற்காது. ஆணையத்தின் கையேடும் இதைக் குறிப்பாகச் சொல்கிறது. இன்னொரு துப்பு, நாட்களின் இடைவெளி. பத்திரிகைக் குறிப்பு என்றால் எல்லாரும் மறுநாளே போடுவார்கள். நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு புகழ்ச்சிக் கட்டுரை ஒன்றில் திங்களும் இன்னொன்றில் வியாழனும் வந்தால், இடம் கிடைத்த நாளில் ஏறியிருக்கிறது என்று படுகிறது.

படி 5: பரப்பை ரூபாயாக மாற்றுவது

மிஞ்சிய செய்திகளை அளவுகோல் வைத்து அளக்க வேண்டும், தலைப்பு படம் உட்பட. 12 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்றால் 240 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அந்த ஒரு செய்தியின் விலை 24,000 ரூபாய். அப்படி 18 செய்திகள் என்றால் 4,32,000. உண்மையான கணக்கில் பத்திரிகையின் வணிகக் கட்டணத்தை எடுக்காமல், அரசு விளம்பரங்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தையே எடுங்கள். கண்காணிப்புக் குழுவும் அப்படித்தான் மதிப்பிடுகிறது. அது வணிகக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் கணக்கு தவறினாலும் குறைவான பக்கம்தான் தவறும் என்பது பின்னால் உதவும்.

2022 முதல் பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். நாலே கால் லட்சம் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். கணக்கில் காட்டினால் வரம்பை இடிக்கும். செய்தி வேடம் தேவைப்படுவதற்கு இதுவே பாதிக் காரணம். மறுபாதி, விளம்பரத்தை நம்பாத வாசகர் செய்தியை நம்புவார் என்பது.

படி 6: கணக்கோடு பொருத்துவது

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் வேட்பாளர் தன் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். யாரும் பார்வையிடலாம், சிறு கட்டணத்தில் பிரதியும் வாங்கலாம். அதில் ஊடக விளம்பரச் செலவு என்ற பகுதியில் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் அளந்த 18 செய்திகளில் எத்தனை அங்கே இருக்கின்றன? சில இருக்கும். அப்படியானால் அவை கணக்கில் காட்டிய விளம்பரங்கள். 'விளம்பரம்' என்று அச்சிடாதது பத்திரிகையின் தவறு, வேட்பாளரின் கணக்குப் பிழை அல்ல. மீதிதான் உங்கள் பட்டியல்.

தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுக்கலாம். அது பெய்டு நியூஸ் என்று கருதினால், செய்தி வந்த அல்லது புகார் கிடைத்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார். 48 மணி நேரத்துக்குள் வேட்பாளர் பதில் தர வேண்டும். தராவிட்டால் குழுவின் முடிவே இறுதி, தொகை அவர் கணக்கில் ஏறும். ஏற்காவிட்டால் மாநிலக் குழு, அப்புறம் ஆணையம் என்று மேல்முறையீடு போகும். காலக்கெடு இவ்வளவு இறுக்கமாக இருப்பதால், பக்க எண்ணும் தேதியும் இல்லாத புகார் முதல் படியிலேயே நின்றுவிடும்.

எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது

இனி மூன்று வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதியில் 2007இல் வென்றவர் உம்லேஷ் யாதவ். அவருக்குச் சாதகமாக வந்த ஒரு செய்தி பற்றித் தோற்ற வேட்பாளர் பத்திரிகை கவுன்சிலில் புகார் செய்தார். அது பணம் பெற்று வெளியிட்ட விளம்பரம்தான் என்று பத்திரிகைத் தரப்பே ஒப்புக்கொண்டது. தொகை 21,250 ரூபாய். கணக்கில் அது இல்லை. 2011 அக்டோபரில் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. பெய்டு நியூஸ் விவகாரத்தில் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது அதுவே முதல் முறை.

மத்தியப் பிரதேசத்தின் நரோத்தம் மிஸ்ரா வழக்கு 2008 தேர்தலைப் பற்றியது. ஆணையத்தின் குழு 42 செய்திகளை ஆராய்ந்தது. போட்டிப் பத்திரிகைகளில் ஒத்த உரை உட்பட அடையாளங்கள் நிறைய இருந்தன. 2017 ஜூனில் ஆணையம் தகுதிநீக்கம் செய்தது. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் செய்திகளுக்கு அவர் செலவு செய்தார், அல்லது செலவுக்கு ஒப்புதல் தந்தார் என்பதற்குச் சான்று இல்லை என்பது அதன் அடிப்படை.

அசோக் சவான் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. கணக்கு உண்மையா என்று விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் ஆணையம் அவருக்கு எதிராக முடிவு செய்தது. செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

ஒரு செய்தியும் 21,250 ரூபாயும் நின்றது. 42 செய்திகள் நிற்கவில்லை. வித்தியாசம் அடையாளங்களின் எண்ணிக்கையில் இல்லை, பணம் கைமாறியதைச் சொல்ல ஒருவர் இருந்தாரா என்பதில் இருக்கிறது. உரை ஒப்பீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், 'இவை ஒரே கையிலிருந்து வந்தவை' என்பதுவரைதான் சொல்லும். அந்தக் கைக்குக் காசு கொடுத்தது யார் என்று சொல்லாது.

ஆகவே ஆய்வறிக்கை எழுதும்போது சொற்களை நிதானமாகப் போட வேண்டும். 'இந்தப் பத்திரிகை பணம் வாங்கியது' என்று எழுதாதீர்கள். 'இந்த 18 செய்திகள் போட்டிப் பத்திரிகைகளில் வேறு வேறு நிருபர் பெயரில் ஒரே உரையாக வந்துள்ளன, செய்தி நிறுவனத் தொகுப்பில் இல்லை, அரசு விளம்பரக் கட்டணப்படி இவ்வளவு பெறும், வேட்பாளரின் கணக்கில் இல்லை' என்று எழுதுங்கள். அவதூறு வழக்கு என்ற பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் உண்மை அவ்வளவுதான், அதை அப்படியே சொன்னால் அடுத்து விசாரிப்பவருக்கு வழி திறந்திருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசுபவர்களைத் தேடும் வேலை இதற்கு மேல் தனியாக நடக்க வேண்டும். 2010இல் பத்திரிகை கவுன்சிலுக்காக பரஞ்சோய் குஹா தாகூர்தாவும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் எழுதிய அறிக்கை அந்த வேலையைத்தான் செய்தது. வேட்பாளர்களையும் பத்திரிகையாளர்களையும் பேசவைத்து, பத்திரிகைகளின் பெயர்களோடு எழுதினார்கள். கவுன்சில் 71 பக்க அறிக்கையை ஒதுக்கிவிட்டுச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டது. முழு அறிக்கை 2011இல், மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. தோற்ற வேட்பாளர்கள், விலகிப்போன விளம்பரப் பிரிவு ஊழியர்கள், உள்ளூர் முகவர்கள், இவர்களிடம்தான் ரசீதும் கட்டண அட்டையும் இருக்கும். அவர்களிடம் போகும்போது உங்கள் பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். 'உங்கள் பத்திரிகையில் காசுக்குச் செய்தி வருமா?' என்று கேட்டால் வராது என்றுதான் பதில் வரும். 'இந்தத் தேதி, நாலாம் பக்கம், இந்தச் செய்தியை யார் கொண்டுவந்து கொடுத்தார்?' என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.